சிவப்பு மையில் அடித்த எண்

காற்று வீசினால் இலையிலிருந்து நீராவி அதிகமாக வெளியேறும். இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பாடநூலில் உள்ளது, தேர்வில் வருவது, உண்மையும்கூட. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ஒரு மாணவியின் சரியான அளவீட்டைத் தவறென்று சிவப்பு மையால் அடித்தேன்.

செங்கல்பட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுத்துக்கொண்டிருந்த காலம். நீராவிப்போக்குச் செய்முறைக்கு எங்களிடம் ஒரே ஒரு கானாங் போட்டோமீட்டர் இருந்தது. வில்லியம் கானாங் என்ற கனடாக்காரர் வடிவமைத்தது. அளவுக்கோடு போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய் படுக்கைவாட்டில் இருக்கும். ஒரு முனையில் அகன்ற வாய், அதில் கார்க்கு வழியாகக் கிளையைச் செருகவேண்டும். மறுமுனை கீழ்நோக்கி வளைந்து முகவையில் இருக்கும் நிறநீரில் முங்கியிருக்கும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழியை விட்டால், இலை நீரை இழக்க இழக்கக் கிளை நீரை உறிஞ்சும்; குமிழி கிளைப் பக்கமாக நகரும். மேலே குழாய்த்திருகு வைத்த ஒரு நீர்க்கிண்ணம் உண்டு. திருகைத் திறந்தால் நீர் இறங்கிக் குமிழியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்; அடுத்த அளவீட்டைத் தொடங்கலாம்.

அந்தக் கண்ணாடியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்குப் பயம். உடைந்தால் அடுத்தது வர ஓராண்டு ஆகும். அதனால் நான் செய்து காட்டுவேன், அவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், நான் சொல்லும் எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதில் பாதி எண்கள் நம்பத்தகாதவை என்பது எனக்கே தெரியும். ஒளியின் விளைவைக் காட்ட 100 வாட் குண்டு பல்பைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்து எரியவிட்டால், குமிழி முன்னே போவதற்குப் பதில் சில வேளை பின்னே வரும். ஒளி பட்டால் இலைத்துளைகள் திறந்து நீராவிப்போக்கு கூடவேண்டும் அல்லவா? கூடுகிறதுதான். ஆனால் பல்பின் சூட்டில் கருவிக்குள் இருக்கும் நீர் விரிந்துவிடுகிறது. உள்ளே 50 மில்லி நீர் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு டிகிரி சூடேறினாலே நீர் 0.015 மில்லி அளவுக்குப் பெருக்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள குழாயில் அது குமிழியை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளப் போதும். இலை உறிஞ்சும் அளவே சில நிமிடத்தில் அவ்வளவுதான் இருக்கும். பல்புக்கும் கிளைக்கும் நடுவே நீர் நிரப்பிய ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தால் சூடு பெருமளவு தடைப்படும், வெளிச்சம் மட்டும் வரும். இதையெல்லாம் செய்ய நேரமில்லாத நாட்களில், வரவேண்டிய எண்ணை நானே சொல்லிவிடுவேன்.

அந்த ஆண்டு மாணவர்கள் அதிகம். கருவியைச் சுற்றி நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். ஒரு மில்லி பிப்பெட்டை ஆய்வகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ரப்பர் குழாய் ஒரு முழம் வாங்குங்கள், வீட்டிலேயே செய்துபாருங்கள் என்றேன். இதுவும் போட்டோமீட்டர்தான். குழாயில் நீர் நிரப்பி ஒரு முனையில் கிளை, மறுமுனையில் பிப்பெட். பிப்பெட்டைப் படுக்கவைத்தால் நீரின் விளிம்பு கிளையை நோக்கிப் பின்வாங்குவதை 0.01 மில்லி வரை பார்க்கலாம். உள்ளே நீர் கொஞ்சமாக இருப்பதால் சூட்டில் விரியும் தொல்லையும் குறைவு.

எதில் கவனம் வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். கிளையை நீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டவேண்டும். வெளியில் வெட்டினால் சைலக் குழாய்களுக்குள் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும், பிறகு கிளை உறிஞ்சாது. பொருத்துவதும் நீருக்குள்ளேயே நடக்கவேண்டும். சேருமிடத்தில் வாசலின் தடவவேண்டும். இலை நனைந்திருந்தால் துடைத்துக் காயவிட வேண்டும். பொருத்தியதும் அளக்கக் கூடாது. கால் மணி நேரமாவது விட்டு, கிளை தன்னிலைக்கு வந்தபின் அளக்கவேண்டும். பால் வடியும் எருக்கு, நந்தியாவட்டை வேண்டாம், வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். கடைசியாக, கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ஈரப்பஞ்சு வைத்த பாலித்தீன் பையைக் கிளைமேல் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் பாருங்கள். பைக்குள் ஈரம் நிறைந்ததும் உறிஞ்சுவது ஏறத்தாழ நின்றுபோகவேண்டும். அப்போதும் நீர் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து பேருந்தில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து படித்தவள் அந்த மாணவி. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வீட்டுத் திண்ணையில், நிழலில், புங்கன் கிளை ஒன்றைப் பொருத்தி அளந்திருந்தாள். மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பென்சிலில் இரண்டு வரி. காலை 11.10 முதல் 11.40 வரை, காற்று மிகக் குறைவு: 0.32 மில்லி. மதியம் 1.40 முதல் 2.10 வரை, காற்று பலம்: 0.19 மில்லி. கீழே முடிவு: காற்று வந்ததும் நீராவிப்போக்கு குறைந்தது.

நான் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது.

"ஏம்மா, எங்கியோ கசிஞ்சிருக்கு. வாசலின் சரியா தடவலை."

"பை போட்டுப் பாத்தேன் சார். நின்னுபோச்சு."

"அப்ப மதியத்துக்குள்ள கிளை வாடியிருக்கும்."

"வாடலை சார். கடக்காத்து வந்துடுச்சு. கடக்காத்து அடிச்சா கருவாடுகூட லேசுல காயாது சார். மேலக்காத்து அடிச்சாத்தான் காயும்."

"கருவாடு வேற, இலை வேற" என்றேன். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எண்களுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். "திரும்பச் செஞ்சு எடுத்துட்டு வா."

அடுத்த வாரம் கொண்டுவந்தாள். மையில், அழகான கையெழுத்தில், கட்டம் போட்டு எழுதியிருந்தாள். காற்று குறைவு: 0.19. காற்று பலம்: 0.32. முடிவு: காற்று வீசும்போது நீராவிப்போக்கு கூடுகிறது. முழு மதிப்பெண் போட்டேன். அதே இரண்டு எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பதைக் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்த ஆண்டு முழுக்க அவள் நோட்டில் ஒரு தவறும் இல்லை. எல்லாச் செய்முறைக்கும் பாடநூலில் என்ன வரவேண்டுமோ அதுவே வந்தது. நல்ல மாணவி என்று மற்ற ஆசிரியர்களிடமும் சொன்னேன்.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆகஸ்டில் மாமல்லபுரம் பக்கம் உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தது. பிள்ளைகளுக்கு ஈரப்பதத்தைக் காட்ட நானே கட்டிய ஈர-உலர் குமிழ் வெப்பமானி கையோடு இருந்தது. பெரிய கருவி ஒன்றுமில்லை. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழைச் சுற்றி நனைந்த திரித்துணி. காற்று உலர்ந்திருந்தால் துணியிலிருந்து நீர் வேகமாக ஆவியாகி அந்த வெப்பமானி நன்றாகக் குளிரும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வித்தியாசம் சிறிதாகும்.

முற்பகல் வீட்டு வாசலில் தொங்கவிட்டேன். மேற்கிலிருந்து சூடான காற்று, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் மெல்ல வந்துகொண்டிருந்தது. உலர் குமிழ் 34 டிகிரி, ஈரக் குமிழ் 25-ஐ ஒட்டி. ஒன்பது டிகிரிக்கு அருகில் வித்தியாசம். பட்டியலில் பார்த்தால் ஈரப்பதம் 50 சதவீதம். பகல் ஒரு மணிக்கு மேல் சவுக்குத்தோப்பு இரைச்சல் போட ஆரம்பித்தது. காற்று திசை மாறிக் கடலிலிருந்து வந்தது. கொடியில் கிடந்த துணிகள் மேற்கே பறந்தன. வெப்பமானியை எடுக்கப் போனவன், எடுக்காமல் அங்கேயே நின்றேன். உலர் குமிழ் இறங்கிக்கொண்டிருந்தது. 33, 32, பிறகு 31-ல் நின்றது. ஈரக் குமிழ் இறங்கவில்லை, ஏறியது. இவ்வளவு காற்றில் துணி இன்னும் வேகமாகக் காய்ந்து குளிரவேண்டும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அது 28-ஐ நெருங்கி நின்றது. வித்தியாசம் மூன்று டிகிரிக்குச் சற்றே மேல். ஈரப்பதம் 78.

என் முன்னால் நனைந்த துணி ஒன்று பலமான காற்றில், காற்றில்லாத வேளையைவிட மெதுவாகக் காய்ந்துகொண்டிருந்தது. துணி. கருவாடு. இலை. மூன்றிலும் நீர் ஒரே கணக்கில்தான் போகிறது. இலைக்குத் துளைகள் இருக்கின்றன, அவை திறக்கும், மூடும். ஆனால் திறந்திருக்கும் துளை வழியே நீராவி வெளியே போவதற்கு இலை எதுவும் செய்வதில்லை. உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்பதால் போகிறது, அவ்வளவுதான். அந்தப் பெண் சொன்ன கருவாடு எனக்கு அங்கே, அந்த வாசலில்தான் நினைவுக்கு வந்தது. நோட்டில் இடம் மாறியிருந்த எண்களும் அப்போதுதான் கண்முன் வந்தன.

உள்ளே போய்க் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இலைக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ முழுக்க ஈரம் நிறைந்தது. 34 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத் தாங்கும். வெளியே பாதி ஈரம், அதாவது 19 கிராம். ஆக உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 19 கிராம். கடற்காற்று வந்தபின் 31 டிகிரி. அதிகபட்சம் 32 கிராம். அதில் 78 சதவீதம், அதாவது 25 கிராம் ஏற்கெனவே காற்றில் இருக்கிறது. வித்தியாசம் 7 கிராம்தான். நீராவியை வெளியே இழுக்கும் அந்த வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

அப்படியானால் காற்றுக்கு வேலையே இல்லையா? அதையும் பார்க்காமல் விட மனம் வரவில்லை. பிப்பெட்டும் குழாயும் வாங்கிவந்து, வேறொரு நாளில், அவள் செய்த மாதிரியே புங்கன் கிளையை நிழலில் வைத்து அளந்தேன். முற்பகலில் அரை மணிக்கு 0.34 மில்லி. கடற்காற்று வந்து கிளை தன்னிலைக்கு வந்தபின் 0.20. அவள் எண்களோடு ஒட்டிவரும் அளவு. பிறகு அதே இடத்தில், அதே கிளைக்கு முன்னால், ஒரு கோரைப்பாயை நிறுத்தி, மேலேயும் பக்கத்திலும் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, நேராக அடிக்கும் காற்றை மட்டும் மறைத்தேன். 0.13. பாயை எடுத்தேன், மறுபடி 0.20-ஐ ஒட்டி வந்தது.

இலையின் மேல் எப்போதும் அசையாத காற்று மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். துளை வழியே வரும் நீராவி அந்தப் படலத்தில் சேர்ந்து நிற்கும். காற்று அடித்தால் படலம் மெலியும், நீராவி எளிதாக வெளியேறும். பாடநூல் சொல்வது இதைத்தான், 0.13 என்பது 0.20 ஆனதும் இதனால்தான். ஆனால் படலத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் வந்து நிற்கும் காற்று எப்படிப்பட்டது என்பதைப் பாடநூலின் அந்த ஒரு வரி சொல்லாது. வகுப்பறையில் மின்விசிறியைப் போட்டால் அறையில் இருக்கும் அதே காற்றுதான் சுழல்கிறது. சூடும் ஈரமும் மாறுவதில்லை, அதனால் காற்றின் விளைவு தனியாகத் தெரியும். கடற்கரையில் காற்று எழும்போது வருவது வேறு காற்று: குளிர்ந்தது, ஈரமானது. அங்கே காற்றை மட்டும் மாற்றி அளந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வெப்பம், ஈரம், காற்று மூன்றும் ஒன்றாக மாறுகின்றன. மேகம் வந்தால் நான்காவதாக வெளிச்சமும்.

அவள் எழுதிய முடிவு முழுச் சரியில்லை என்பதும் உண்மைதான். காற்று குறைக்கவில்லை, ஈரம் குறைத்தது, காற்று கொஞ்சம் ஈடுகட்டியது. ஆனால் அவளுடைய எண்கள் சரி. கசிவையும் சோதித்திருந்தாள். ஒரே கிளை, ஒரே இடம், நிழல், நேரம் எல்லாம் குறித்திருந்தாள். கருவாட்டை வைத்துக் காரணத்துக்குப் பாதி வழியும் வந்திருந்தாள். மீதிப் பாதிக்கு ஒரு பாய் மட்டும்தான் தேவைப்பட்டது. "ஒரு பாயை மறைச்சு வச்சு அளந்துட்டு வாம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு என் பாடம் எனக்கே ஒழுங்காகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1727-ல் வெளியிட்ட நூலில், தொட்டியில் வைத்த சூரியகாந்திச் செடியைத் தினமும் எடைபோட்டு அது இழந்த நீரைக் கணக்கிட்டதை எழுதியிருக்கிறார். வெப்பமான உலர்ந்த இரவில் செடி கொஞ்சம் எடை இழந்தது. பனி பெய்த இரவில் இழக்கவே இல்லை. கனத்த பனியில் எடை கூடியது. அவர் அந்த எண்களைச் சங்கடமாக நினைத்து விலக்கவில்லை, அப்படியே எழுதிவைத்தார். வகுப்பில் ஹேல்ஸ் பெயரை மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நானும்.

பிறகு செய்முறையை நடத்தும் விதத்தை மாற்றிக்கொண்டேன். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு கட்டங்கள் போடச் சொன்னேன். காற்றின் விளைவைப் பார்க்க ஒரே இடத்தில் மறைப்போடும் மறைப்பில்லாமலும் அளக்கவேண்டும். முடிவை நான் கரும்பலகையில் முன்கூட்டி எழுதுவதில்லை. ஒருமுறை, மேற்கிலிருந்து உலர்காற்று சுழற்றியடித்த நாளில், கொளவாய் ஏரிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையனுக்கு அளவு முதலில் கூடி, பிறகு மளமளவென்று இறங்கியது. இப்போது நான் பேனாவை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். இலையைத் தடவிப் பார்த்து, கொஞ்சம் துவண்டிருக்கிறது என்றான். உறிஞ்சுவதைவிட வேகமாக நீர் போனால் இலை துளைகளை மூடிக்கொள்ளும். அங்கிருந்து பேச்சு நீண்டது. பெரும்பாலும் உறிஞ்சும் நீரும் வெளியேறும் நீராவியும் ஒன்றென்று வைத்துக்கொள்கிறோம், இலை துவளும் நேரத்தில் மட்டும் அந்தக் கணக்கு நிற்காது என்று அவனே கண்டுபிடித்தான். போட்டோமீட்டர் அளப்பது உறிஞ்சுவதைத்தான்.

அவளைத் தேடிப் பிடிக்க நாளாயிற்று. பன்னிரண்டாவதில் மதிப்பெண் நன்றாக வாங்கியிருந்தும் மேலே அறிவியல் எடுக்கவில்லை, வணிகவியலில் சேர்ந்துவிட்டாள் என்று உடன் படித்தவர்கள் சொன்னார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. ஒருவழியாகக் கைப்பேசி எண் கிடைத்துப் பேசினேன். யாரென்று சொல்லி, நலம் விசாரித்து, அந்தப் பிப்பெட் அளவீடு நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்க அடிச்சீங்களே, அதானே சார்?"

"அதான். நீ எழுதினது சரிம்மா. நான் அடிச்சது தப்பு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானே அந்த வாசல், வெப்பமானி, மறைத்து வைத்த பாய் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பாய் வச்சு மறைச்சப்ப எவ்ளோ சார் வந்துச்சு?"

"0.13. பாயை எடுத்தா 0.20."

"அப்ப காத்து கூட்டத்தான் செஞ்சிருக்கு" என்றாள். "நான் எழுதின முடிவும் தப்புதான் சார். நம்பர்தான் சரி."